படித்து முடித்தால்தான் காணி

புதிதாக நொத்தாரிசுப் பதிவு பெற்ற பிள்ளைகளுக்கும், மூத்த சட்டத்தரணி ஒருவரிடம் பயிற்சியில் நிற்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். கொக்குவிலில் மரண சாதனம் எழுத வருகிற தகப்பன்மாரில் பலர் ஒரே வேண்டுகோளோடு வருவார்கள்: “தம்பி படிச்சு முடிச்சாத்தான் காணி அவனுக்கு எண்டு எழுதுங்கோ.” கேட்க எளிதாக இருக்கும். எழுதவும் ஒரு வரி போதும் போலத் தெரியும். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு தகப்பன் போன பிறகு அண்ணன் தங்கச்சி பேச்சில்லாமல் போன குடும்பங்களை நான் கண்டிருக்கிறேன். அதனால்தான் இந்த அறிவுரைகள்.

விளக்கத்துக்காக ஒரு குடும்பத்தை மனதில் வைத்துக்கொள்வோம். தகப்பனுக்கு வயது 62. கொக்குவில் கிழக்கில் அவருடைய தகப்பன்வழி வந்த நாலு பரப்புக் காணி. காங்கேசன்துறை வீதியோரம் வாடகைக்கு விட்ட ஒரு கடை, அதுவும் அவருடைய தகப்பனிடமிருந்து வந்தது. குடியிருக்கும் வீடு மனைவியின் சீதனம். மூத்த மகளுக்குச் சீதனம் கொடுத்துக் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. இளைய மகனுக்கு 17 வயது, ஏ.எல். படிக்கிறான். இவர் வந்து உங்கள் முன் உட்காருகிறார்.

1. எழுதுகோலை எடுக்கும் முன் உறுதிகளைக் கேளுங்கள்.

தன்னுடையது எதுவோ அதற்குத்தான் ஒருவர் நிபந்தனை போடலாம். நமது பகுதியில் இதில்தான் முதற் பிழை வரும், ஏனென்றால் இங்கே பல குடும்பங்களில் குடியிருக்கும் வீடு மனைவியின் சீதன வீடு. தேசவழமையின் கீழ் அது அவளுடைய தனி ஆதனம். கணவன் அதைத் திருத்திக் கட்டியிருந்தாலும் அதன்மீது மரண சாதனம் எழுத அவருக்கு உரித்தில்லை. கலியாணத்துக்குப் பிறகு உழைத்து வாங்கியது தேடிய தேட்டம் என்றால், அதில் யாருக்கு என்ன உரித்து என்பதையும் முதலில் பார்த்துவிடுங்கள். நம் உதாரணக் குடும்பத்தில் முதுசமாக வந்த நாலு பரப்பும் கடையும் அவருடையவை. “வீடு வளவு எல்லாம் தம்பிக்கு, படிச்சு முடிச்சால்” என்று அவர் சொன்னபடியே எழுதினால், மனைவியின் சீதன வீட்டுக்கும் சேர்த்து நிபந்தனை போட்டதாக வாசகம் நிற்கும். பிறகு அந்தத் தாய் உயிரோடு இருக்கும்போதே தன் வீட்டைப் பற்றிப் பிள்ளைகள் சண்டை பிடிப்பதைப் பார்க்க வேண்டிவரும்.

தன்னுடையதற்கு நிபந்தனை போட அவருக்கு உரிமை உண்டா? உண்டு. பழைய உரோமன் டச்சுச் சட்டத்தில் பிள்ளைக்கு ஒரு கட்டாயப் பங்கு இருந்தது. 1844ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க மரண சாதனச் சட்டம் அதை இலங்கையில் எடுத்துவிட்டது. தகப்பன் விரும்பினால் ஒரு பிள்ளைக்கு ஒன்றுமே கொடுக்காமல் போகலாம். ஒன்றும் கொடுக்காமல் விடக்கூடியவர் நிபந்தனையோடு கொடுப்பதையும் சட்டம் தடுக்காது. படிப்பை நிபந்தனையாக வைப்பதில் பொது நலனுக்கு விரோதமாக எதுவும் இல்லை. ஆகவே “இப்படி எழுதலாமா” என்ற கேள்வியில் நேரத்தைச் செலவழிக்காதீர்கள். “இந்த வாசகம் நிற்குமா” என்பதுதான் உங்கள் கேள்வி.

2. அவர் சொல்வது நிபந்தனையா, நோக்கமா, ஆசையா என்று பிரித்துக் கேளுங்கள்.

மூன்று வாசகங்களைப் பாருங்கள். “என் மகன் பட்டம் பெற்றால் நாலு பரப்பும் அவனுக்கு.” “என் மகன் பட்டப்படிப்புப் படிப்பதற்காக நாலு பரப்பையும் அவனுக்குக் கொடுக்கிறேன்.” “என் மகன் பட்டம் பெறுவான் என்ற நம்பிக்கையோடு நாலு பரப்பையும் அவனுக்குக் கொடுக்கிறேன்.” சொல்லும் தகப்பனுக்கு மூன்றும் ஒன்றுதான். சட்டத்துக்கு மூன்றும் மூன்று.

முதலாவது, முன் நிபந்தனை. பட்டம் வரும்வரை காணி மகனுடையது அல்ல. அவனுக்கு இருப்பது ஒரு எதிர்பார்ப்பு மட்டுமே. அதுவரை வரும் வருமானமும் அவனுக்கில்லை, எஞ்சிய ஆதனத்தின் உரித்தாளிக்குப் போகும். கடையையும் இதே வாசகத்தில் கட்டிவிட்டார் என்று வையுங்கள். வாடகை மாதம் 40,000 ரூபா, படிப்பு ஐந்து வருடம் இழுக்கிறது. 24 லட்சம் ரூபா அவன் படிப்புக்குப் பயன்படாமலே அக்காவின் பக்கம் சேரும். படிக்க வேண்டும் என்று எழுதிய தகப்பனே படிப்புச் செலவுக்கான வழியை அடைத்துவிட்டுப் போகிறார்.

இதைவிடக் கொடியது இன்னொன்று. நாலாம் வருடத்தில் மகன் கலியாணம் முடித்து, ஒரு குழந்தையும் இருந்து, இறுதிப் பரீட்சைக்கு முன் இறந்துபோனால் என்ன நடக்கும்? முன் நிபந்தனை நிறைவேறவில்லை. அவனுக்குச் சேராத ஒன்று அவன் குழந்தைக்கும் சேராது. பேரப்பிள்ளையை வெறுங்கையோடு விடுவது அந்தத் தகப்பனின் மனதில் இருந்திருக்கவே மாட்டாது. ஆனால் வாசகம் அப்படித்தான் சொல்கிறது.

இரண்டாவது வாசகத்தில் தகப்பன் இறந்த அன்றே காணி மகனுக்குப் போய்விடும். “படிப்பதற்காக” என்பது நோக்கம். உரோமச் சட்ட அறிஞர்கள் காலம் முதல் இருக்கும் விதி இது: அந்த நோக்கத்தால் நன்மை பெறுபவன் கொடை பெற்றவன் ஒருவனே என்றால், அதை நிறைவேற்று என்று வேறு எவரும் அவனைக் கட்டாயப்படுத்த முடியாது. காணியை விற்றுக் கனடா போனாலும் அது அவன் முடிவு. மூன்றாவது வாசகம் வெறும் ஆசை. காணி போய்ச் சேரும், ஆசை தாளில் நிற்கும்.

எந்த வாசகம் வேண்டும் என்று தகப்பனிடம் நேரே கேட்டால் அவருக்கு விளங்காது. நான் கேட்பது இந்தக் கேள்வி: “தம்பி ஏதோ காரணத்தால் படிக்காமல் விட்டால், காணி அவனுக்கு வேண்டாம் என்று உண்மையாகவே நினைக்கிறீர்களா?” இந்தக் கேள்விக்குப் பாதிப்பேர் நெடுநேரம் பேசாமல் இருப்பார்கள். பிறகு, “இல்லை ஐயா, அவனும் என்ரை பிள்ளைதானே” என்பார்கள். அப்படிச் சொன்னவருக்கு நிபந்தனை எழுதாதீர்கள். அவருக்கு வேண்டியது படிப்புச் செலவுக்கான ஏற்பாடு.

3. “படித்து முடித்தல்” என்றால் என்ன என்று ஒரு அந்நியனுக்கும் விளங்க எழுதுங்கள்.

படிப்பு நிபந்தனைகள் பெரும்பாலும் சறுக்குவது இந்த இடத்தில்தான். “நல்லாய்ப் படித்தால்”, “படித்து ஆளானால்”, “உயர்கல்வியை முடித்தால்” என்றெல்லாம் எழுதிய சாதனங்கள் உண்டு. எந்த அளவில் நின்றால் நிபந்தனை நிறைவேறியது என்று நீதிபதிக்குத் தெரியாவிட்டால், அதை வைத்து ஒருவரின் உரித்தைப் பறிக்க அவர் தயங்குவார்.

இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை தீர்த்த, 1943ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்பில் உள்ள கிளேட்டன் எதிர் ராம்ஸ்டன் வழக்கைத் தேடி வாசியுங்கள். யூத வம்சத்திலும் யூத மதத்திலும் இல்லாத ஒருவரை மகள் கலியாணம் செய்தால் அவள் பங்கு போய்விடும் என்று தகப்பன் எழுதியிருந்தார். மகள் கலியாணம் செய்தவர் ஒரு மெதடிஸ்தர். இருந்தும் பங்கு அவளுக்கே நிலைத்தது. யூத வம்சம் என்றால் தாய் தகப்பன் இருவருமா, ஒருவர் போதுமா, எத்தனை பங்கு இரத்தம் என்பதற்குச் சாதனத்தில் அளவு இல்லை. அளவு தெரியாத நிபந்தனையால் ஏற்கெனவே கிடைத்த பங்கைப் பிடுங்க முடியாது என்றது சபை. தகப்பனின் மனதில் என்ன இருந்தது என்பதில் ஒருவருக்கும் சந்தேகமில்லை. வாசகத்தில்தான் அது இல்லை.

ஆகவே பரீட்சையின் பெயரை எழுதினால் போதுமா? அதிலும் பொறி உண்டு. 1960களில் ஒருவர் “இலங்கைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றால்” என்று எழுதியிருந்தால், 1972இல் அந்தப் பெயரில் இருந்த நிறுவனமே ஒரே இலங்கைப் பல்கலைக்கழக அமைப்புக்குள் கரைந்துபோனது. 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டத்தால் அது மறுபடி தனித்தனிப் பல்கலைக்கழகங்களாகப் பிரிந்தது. எஸ்.எஸ்.சி. போய் ஓ.எல். வந்தது, 1970களின் நடுவில் ஓ.எல். பெயரும் சில வருடம் மாறி, பிறகு திரும்பி வந்தது. நாம் எழுதும் சாதனம் இருபது, முப்பது வருடம் பெட்டிக்குள் கிடக்கும். பெயரை எழுதுங்கள், கூடவே “அல்லது அதற்கு ஒப்பான, அதற்குப் பதிலாக வந்த தகைமை” என்றும் எழுதுங்கள்.

பட்டம் மட்டும்தான் படிப்பா என்றும் தகப்பனிடம் கேளுங்கள். வெளிவாரிப் பட்டம் சரியா? உயர் தேசிய டிப்ளோமா? தொழினுட்பக் கல்லூரியில் மின்னியல் முடித்து வேலைக்குப் போய்விட்டால்? கணக்காளர் தொழிற்பரீட்சை? நீங்கள் கேட்காவிட்டால் இந்தக் கேள்விகளை அவர் மகளின் சட்டத்தரணி நீதிமன்றத்தில் கேட்பார், அப்போது பதில் சொல்ல அவர் இருக்கமாட்டார்.

4. எந்த நிபந்தனை செல்லாது என்பதையும், செல்லாதபோது கொடைக்கு என்ன ஆகும் என்பதையும் சேர்த்தே கற்றுக்கொள்ளுங்கள்.

முதற் பகுதியை எல்லாரும் படித்திருப்பீர்கள். சட்டத்துக்கு மாறான செயலைச் செய்யச் சொல்வது செல்லாது. தொடக்கத்திலிருந்தே நடக்க முடியாததும் செல்லாது. ஒருபோதும் கலியாணம் செய்யாதே என்று பொதுவாகத் தடுப்பதும், கட்டிய மனைவியை விட்டுவிட்டு வந்தால்தான் என்று குடும்பத்தைப் பிரிக்கத் தூண்டுவதும் பொது நலனுக்கு விரோதம். இவை படிப்புக்குள்ளும் நுழைந்து வரும். “பட்டம் எடுக்கும்வரை கலியாணம் செய்யக்கூடாது” என்பது ஒரு காலத்துக்கு மட்டும் போடும் தடை, அது வேறு. “அந்தப் பெட்டையை விட்டுவிட்டுப் படித்து முடித்தால்” என்று, மகன் ஏற்கெனவே பதிவுத் திருமணம் செய்தவளைப் பற்றித் தகப்பன் சொன்னால், அந்த வரியை எழுதாதீர்கள். ஏன் எழுதவில்லை என்பதை அவருக்கு விளக்கிச் சொல்லுங்கள்.

இரண்டாம் பகுதியில்தான் அனுபவமுள்ளவர்களும் தடுமாறுவார்கள். நமது உரோமன் டச்சுச் சட்டத்தில், மரண சாதனத்தில் உள்ள முடியாத அல்லது சட்டவிரோதமான நிபந்தனை எழுதப்படாததாகவே கொள்ளப்படும். நிபந்தனை விழும், கொடை நிற்கும். மகன் காணியை நிபந்தனை இல்லாமலே எடுப்பான்.

பாக்குநீரிணைக்கு அந்தப் பக்கம் கதை தலைகீழ். 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 126ஆம் பிரிவு, முடியாத நிபந்தனையின் மேல் வைத்த கொடையே செல்லாது என்கிறது. 127ஆம் பிரிவு, சட்டத்துக்கோ ஒழுக்கத்துக்கோ மாறான நிபந்தனை பற்றி அதையே சொல்கிறது. அங்கே நிபந்தனை விழும்போது கொடையும் சேர்ந்து விழுகிறது. இது நமக்கு ஏன்? இந்த ஊரில் எத்தனையோ குடும்பங்கள் 1980களுக்குப் பிறகு சென்னையில் ஒரு வீடோ மாடிக் குடியிருப்போ வாங்கியிருக்கின்றன. அசையா ஆதனம் எந்த நாட்டில் இருக்கிறதோ அந்த நாட்டுச் சட்டமே அதை ஆளும். ஒரே சாதனத்தில், ஒரே வரியில், “கொக்குவில் காணியும் சென்னை வீடும்” என்று எழுதி, அந்த நிபந்தனை பழுதானதாக இருந்தால், மகனுக்குக் கொக்குவில் காணி கிடைக்கும், சென்னை வீடு கிடைக்காது.

அதே இந்தியச் சட்டத்தின் 124ஆம் பிரிவையும் பார்த்து வையுங்கள். நிச்சயமில்லாத ஒரு நிகழ்வு நடந்தால் என்று கொடுத்துவிட்டு, எப்போதைக்குள் என்று சொல்லாமல் விட்டால், ஆதனம் பகிரப்பட வேண்டிய நேரத்துக்கு முன் அது நடந்திருக்க வேண்டும். இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்குக் கால எல்லை எழுதாத நிபந்தனை அங்கே வாசலிலேயே கதவை அடைத்துவிடக்கூடும். சென்னை ஆதனம் இருந்தால் அதற்குத் தனிச் சாதனம், அங்குள்ள வழக்கறிஞரைக் கொண்டு எழுதச் சொல்லுங்கள். அந்தத் தனிச் சாதனம் இங்குள்ளதை ரத்துச் செய்யாதபடி இரண்டிலும் ஒரு வரி வேண்டும். “முந்திய சாதனங்கள் எல்லாவற்றையும் ரத்துச் செய்கிறேன்” என்ற அச்சடித்த வாசகம் இரண்டாவதில் இருந்தால் முதலாவது போய்விடும்.

5. பிள்ளையின் கையில் இல்லாததைப் பிள்ளையின் குற்றமாக எழுதாதீர்கள்.

“25 வயதுக்குள் பல்கலைக்கழகப் பட்டம்” என்பது அமைதியான நாட்டில் நியாயமான வரி. நமது வரலாற்றை வைத்துப் பாருங்கள். 1970களின் தொடக்கத்தில் தரப்படுத்தல் வந்தபோது, முந்திய வருடம் மருத்துவ பீடம் போயிருக்கக்கூடிய புள்ளியோடு பிள்ளைகள் வெளியே நின்றார்கள். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் ஒரு இரவில் செம்மணிப் பாதையால் வெளியேறியபோது, படித்துக்கொண்டிருந்தவர்களின் வருடங்கள் அந்தப் பாதையிலேயே போயின. 2020இல் பெருந்தொற்று, 2022இல் பொருளாதார நெருக்கடி. ஏ.எல். தள்ளிப்போனது, பல்கலைக்கழக அனுமதியும் தள்ளிப்போனது. 25 வயதுக்குள் முடிக்காதது சோம்பலாலா காலத்தாலா என்று அந்த வரிக்குத் தெரியாது.

தொடக்கத்திலேயே முடியாததாக இருந்த நிபந்தனைக்கு மேலே சொன்ன விதி உதவும். எழுதும்போது முடியக்கூடியதாக இருந்து பிறகு முடியாமல் போனதற்கு அது அப்படியே கைகொடுக்காது. முன் நிபந்தனை நிறைவேறவில்லை, ஆகவே கொடை இல்லை என்று எதிர்ப்பக்கம் வாதாடும், அந்த வாதத்துக்கு வலுவும் உண்டு. சட்டம் காப்பாற்றும் என்று விடாமல் சாதனத்திலேயே வழி எழுதுங்கள். போர், இடப்பெயர்வு, நோய், பல்கலைக்கழகம் மூடிக்கிடந்த காலம் ஆகியவை எல்லையில் சேராது என்றும், முயன்று இடம் கிடைக்காத பிள்ளைக்கு வேறு எந்தத் தகைமை போதும் என்றும் எழுதினால் அரைப் பக்கம்தான் கூடும்.

6. நிபந்தனை தோற்றால் நன்மை பெறுகிறவரை நடுவராக வைக்காதீர்கள்.

நம் தகப்பன் சொல்லுவார்: “தம்பி படிச்சு முடிச்சானோ எண்டதை என்ரை தம்பியார் பாத்துச் சொல்லட்டும். இல்லாட்டி காணி அவருக்கே போகட்டும்.” சித்தப்பா நல்ல மனிதராகவே இருக்கலாம். ஆனால் நாலு பரப்புக் காணி மடியில் விழக் காத்திருக்கும்போது அவரிடம் தீர்ப்புக் கேட்பது அவருக்கே செய்யும் அநியாயம்.

இதற்கு ஒரு பழைய பாதுகாப்பு உண்டு. நிபந்தனை தோற்பதால் நன்மை பெறுகிறவர் வேண்டுமென்றே அதன் நிறைவேற்றத்தைத் தடுத்தால், நிபந்தனை நிறைவேறியதாகவே கொள்ளப்படும். சித்தப்பா தான் வைத்திருந்த வாடகைப் பணத்திலிருந்து பல்கலைக்கழகச் செலவைக் கொடுக்காமல் இழுத்தடித்து, அதனால் மகன் படிப்பை விட்டான் என்று நிரூபித்தால் காணி மகனுக்கு. ஆனால் “வேண்டுமென்றே”, “அதனால்” என்ற இரண்டையும் நிரூபிக்க வேண்டும். 20 வயதுப் பையன் தன் சித்தப்பாவுக்கு எதிராக மாவட்ட நீதிமன்றத்தில் நின்று இதைச் சொல்ல வேண்டும். அவன் சொல்லமாட்டான். காணியை விட்டுவிட்டுப் போவான்.

ஆளின் அபிப்பிராயத்தை விட்டு ஆவணத்தைக் கேளுங்கள். பல்கலைக்கழகப் பதிவாளர் தரும் பட்டச் சான்றிதழோ, பரீட்சை நடத்தும் நிறுவனத்தின் எழுத்தோ வந்தால் நிபந்தனை நிறைவேறியது என்று எழுதினால், எவருடைய திருப்தியும் தேவையில்லை.

7. “பிறகும் விற்கக்கூடாது” என்பதைச் சேர்க்காதீர்கள்.

படிப்பு நிபந்தனையை எழுதி முடித்ததும் தகப்பன் இதையும் கேட்பார்: “முதுசக் காணி ஐயா, வெளியாக்களுக்குப் போகக்கூடாது.” அந்த உணர்வை நான் மதிக்கிறேன். ஆனால் மீறினால் யாருக்குப் போகும் என்று சொல்லாத வெறும் தடை உரோமன் டச்சுச் சட்டத்தில் வெறும் சொல்லாகவே நின்றுவிடும். மீறினால் இன்னாருக்கு, அவருக்குப் பிறகு இன்னாருக்கு என்று தலைமுறை தலைமுறையாகக் கட்டும் பிதேயிகொமிசம் என்ற பழைய முறையை 1972ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் ஒழித்துவிட்டது. படிப்பு நிபந்தனைக்கும் இதில் ஒரு எச்சரிக்கை இருக்கிறது. “காணி இன்றே மகனுக்கு, 28 வயதுக்குள் பட்டம் இல்லாவிட்டால் அக்காவுக்குத் திரும்பும்” என்று எழுதினால், அதுவும் அந்தப் பழைய உருவத்தையே ஒத்து நிற்கும். 1972ஆம் ஆண்டுச் சட்டத்தில் மாட்டி, அக்காவின் பங்கு வெறும் எழுத்தாகிவிடும் அபாயம் உண்டு. கொடுத்துவிட்டுப் பறிப்பதைவிட, ஒரு பொறுப்பாளரிடம் வைத்திருந்து உரிய நேரத்தில் கொடுப்பதே உறுதியான வழி.

8. இதோ, நம் உதாரணக் குடும்பத்துக்கு நான் எழுதக்கூடிய வாசகம்.

1917ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நம்பிக்கைப் பொறுப்புச் சட்டம் நமக்கு இருக்கிறது. காணிக்கான நம்பிக்கைப் பொறுப்பை மரண சாதனத்தாலேயே உண்டாக்கலாம். நன்மை எதுவும் பெறாத இருவரைப் பொறுப்பாளராக வையுங்கள். ஒருவர் வெளிநாடு போனாலும் மற்றவர் இருப்பார்.

“கொக்குவில் கிழக்கிலுள்ள எனது நாலு பரப்புக் காணியையும் காங்கேசன்துறை வீதியிலுள்ள எனது கடையையும் பின்வரும் நோக்கங்களுக்காக எனது பொறுப்பாளர்களுக்குக் கொடுக்கிறேன். கடையின் வாடகையிலிருந்து எனது மகனின் கல்விக்கும் வாழ்க்கைக்கும் வேண்டியதை அவர்கள் செலவழிக்க வேண்டும். அவன் ஏதாவது ஒரு பல்கலைக்கழகத்தின் உள்வாரி அல்லது வெளிவாரிப் பட்டத்தையோ, உயர் தேசிய டிப்ளோமாவையோ, அவற்றுக்கு ஒப்பான அல்லது பதிலாக வந்த தகைமையையோ பெற்று, அதை வழங்கிய நிறுவனத்தின் சான்றிதழைக் காட்டியதும், காணியையும் கடையையும் மிஞ்சிய வாடகைப் பணத்தையும் அவனுக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். அவன் 30 வயதை அடையும்போது அத்தகைமை இல்லாவிட்டால் கடை அவனுக்கும், காணி எனது மகளுக்கும் சேரும். போர், இடப்பெயர்வு, கடும் நோய், கல்வி நிறுவனம் இயங்காமை ஆகியவற்றால் இழந்த காலம் அந்த வயதெல்லையோடு கூட்டப்படும். அதற்கு முன் அவன் பிள்ளைகளை விட்டு இறந்தால் அனைத்தும் அப்பிள்ளைகளுக்கும், பிள்ளைகள் இல்லாமல் இறந்தால் எனது மகளுக்கும் சேரும்.”

இதை ஒவ்வொரு நிலைமையாக ஓட்டிப் பாருங்கள். மகன் 24 வயதில் பட்டம் எடுத்தால் எல்லாம் அவனுக்கு. பல்கலைக்கழகம் கிடைக்காமல் டிப்ளோமா முடித்தாலும் அப்படியே. படிக்கவே இல்லை என்றால் 30 வயதில் கடை அவனுக்கு, காணி அக்காவுக்கு. அவன் தெருவில் நிற்கமாட்டான். இடையில் இறந்தால் பேரப்பிள்ளை வெறுங்கையோடு நிற்காது. சித்தப்பாவிடம் எவரும் தீர்ப்புக் கேட்கத் தேவையில்லை. சான்றிதழுக்கு என்ன பெயர் இருந்தாலும் வாசகம் தாங்கும். இப்படி நீங்கள் எழுதும் ஒவ்வொரு நிபந்தனையையும் “நிறைவேறியது, நிறைவேறவில்லை, அரைகுறையாய் நிற்கிறது, ஆளே இல்லை” என்ற நாலு நிலையிலும் தகப்பனுக்கு முன்னாலேயே வாசித்துக் காட்டுங்கள். ஒரு நிலையில் பதில் இல்லாவிட்டால் அவர் கையெழுத்து வைக்கும் நேரம் இன்னும் வரவில்லை.

9. பாடசாலைக்குப் புலமைப்பரிசில் வைக்க வருகிறவர்களுக்கும் இதில் ஒரு பங்குண்டு.

“இன்ன சாதிப் பிள்ளைக்கு மட்டும்”, “ஆண்பிள்ளைக்கு மட்டும்” என்று கேட்பவர்கள் இன்னமும் வருவார்கள். நம்மைப் போலவே உரோமன் டச்சுச் சட்டம் உள்ள தென்னாபிரிக்காவில், 1920இல் எழுதிய ஒரு சாதனம் கேப்டவுன் பல்கலைக்கழகத்தின் புலமைப்பரிசிலை ஐரோப்பிய வம்சத்தவருக்கு மட்டும் என்று வைத்து, யூதரையும் பெண்களையும் விலக்கியிருந்தது. 2006இல் கேப் உயர் நீதிமன்றம் அந்த வரிகளைப் பொது நலனுக்கு விரோதம் என்று வெட்டியது. புலமைப்பரிசில் நிலைத்தது. அது அந்நாட்டு அரசியலமைப்பின் பலத்தில் வந்த தீர்ப்பு, இங்கே அப்படியே கட்டுப்படுத்தாது. ஆனாலும் அந்த வரியை என் கையால் எழுதமாட்டேன். எல்லாப் பிள்ளைகளும் ஒரே வாங்கில் இருந்து படிக்கும் பாடசாலைக்குக் கொடுக்கும் காசு, அந்த வாங்கில் கோடு கிழிக்கக்கூடாது.

10. கையெழுத்தும் திகதியும்.

மரண சாதனம் நொத்தாரிசு முன்னிலையில் இரு சாட்சிகளோடு, அல்லது நொத்தாரிசு இல்லாமல் ஒரே நேரத்தில் கூடி நிற்கும் ஐந்து சாட்சிகளோடு கையெழுத்தாக வேண்டும் என்பது 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டம். நல்ல வாசகம் எழுதி, ஒரு சாட்சி அடுத்த நாள் வந்து கையெழுத்து வைத்ததால் முழுச் சாதனமும் போனால் நிபந்தனை பற்றிய பேச்சே எழாது.

கடைசியாக, பலரும் மறக்கும் ஒன்று. சாதனம் எழுதியபோது 17 வயதாக இருந்த மகன், தகப்பன் இருக்கும்போதே பட்டம் எடுத்துவிடலாம். “எனது மரணத்துக்குப் பின் பட்டம் பெற்றால்” என்று சாதனத்தில் இருந்தால், ஏற்கெனவே எடுத்த பட்டம் கணக்கில் சேருமா என்று வழக்கு வரும். ஒரே தடவை நடக்கக்கூடிய செயல் முன்னரே நடந்திருந்தால் அதை ஏற்கப் பழைய சட்டத்தில் இடமுண்டு. ஆனாலும் அந்த வழக்கு நடத்தும் செலவு பட்டப்படிப்பின் செலவைவிடக் கூடிவிடும். “எனது மரணத்துக்கு முன்னரோ பின்னரோ” என்ற நாலு சொல்லை வாசகத்தில் சேருங்கள். பட்டமளிப்பு நடந்த வருடமே தகப்பனை மறுபடி அழைத்து, நிபந்தனையை எடுத்துவிட்டுப் புதிய சாதனம் எழுதுவோமா என்று கேளுங்கள். அந்த அழைப்புக்கான நினைவுக்குறிப்பை, மகனின் ஏ.எல். வருடத்தோடு, சாதனத்தின் அலுவலகப் பிரதியின் மேல்மூலையில் இன்றைக்கே எழுதி வையுங்கள்.